கோதுமைக் கதிரும் கொதிக்காத பாலும்: பிள்ளைகளுக்குப் பொங்கல் காணொளி எடுத்த கதை

சென்ற ஆண்டு அக்டோபரில், நான் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், தைப்பொங்கலைப் பற்றி ஒரு காணொளி வேண்டும் என்றார்கள். பார்க்கப்போகிறவர்கள் ஏழு முதல் பத்து வயதுவரை உள்ள பிள்ளைகள். எல்லோரும் டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிறந்தவர்கள். சடங்குகளைக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றும் எதற்காக என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். தஞ்சை மாவட்டப் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், வாசலில் இறங்கினால் சம்பா வயல் என்று வளர்ந்தவள் நான். பொங்கலைப் பற்றி எழுத எனக்கு என்ன கஷ்டம் என்ற மிதப்பு. அந்த மிதப்பில் போனது 870 டாலரும் ஒன்பது சனி, ஞாயிறுகளும். அடுத்த தைக்கு இதே வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் எழுத்துப்படியை இரண்டே இரவுகளில் முடித்தேன். இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. கோலம் போடுவது எறும்புக்கு உணவிட. மஞ்சள் கட்டுவது கிருமியைக் கொல்ல. போகியன்று பழையதை எரிப்பது தீய எண்ணங்களைப் பொசுக்க. பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது. இப்படி வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வரும் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் எதையும் என் பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ‘பொருள்’ சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டதும் கை தானாக அங்கேதான் போயிற்று. பாட்டி செய்ததை எழுதாமல், பாட்டி செய்ததற்கு யாரோ கற்பித்த காரணத்தை எழுதியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. மொத்தம் 22 நிமிடம் வந்தது.

அசையும் படங்கள் வரைந்து தர இணையத்தில் ஓர் ஆளைப் பிடித்தேன். அவருக்கு 600 டாலர், பின்னணிக் குரலுக்கு 150. மூன்று வாரம் கழித்துப் படம் வந்தபோது அறுவடைக் காட்சியில் நிமிர்ந்து நின்றது கோதுமை. மாடு கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு, மடி பெருத்த ஐரோப்பியப் பால்மாடு. அவர்மேல் குற்றமே இல்லை. ‘விளைந்த வயல்’ என்றுதான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன்; அவர் பார்த்திருந்த விளைந்த வயல் அது. நெற்கதிர் கிளை கிளையாகப் பிரிந்து, முற்றினால் பாரம் தாங்காமல் தலை சாய்த்துத் தொங்கும். கோதுமைக் கதிர் ஒற்றைக் கட்டாக விறைத்து நிற்கும். இந்த ஒரு வரியையும் ஒரு புகைப்படத்தையும் முதலிலேயே அனுப்பியிருந்தால் போதும். திருத்தக் கேட்டபோது இன்னும் 120 டாலர் ஆயிற்று. திருத்திய படத்தில் கதிர் தொங்கியது, மாடு அப்படியே இருந்தது. வெளியாளிடம் படம் கேட்பவர்கள் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நிஜப் புகைப்படத்தைச் சேர்த்து அனுப்புங்கள். வயல், மாடு, பானை, அடுப்பு, வேட்டி கட்டும் விதம்வரை. நமக்குத் தெரிந்தது எதுவும் அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன் என் வகுப்புப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். நான்காவது நிமிடத்தில் பின்வரிசையில் இருவர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எறும்புக்கு உணவு என்ற இடத்தில் ஒரு பையன், “டீச்சர், பனியில் எறும்பு இருக்காதே?” என்றான். வெளியே அப்போது மைனஸ் ஆறு. மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அடுத்துக் கேட்டவள் ஒன்பது வயதுப் பெண், அவளிடம் சமாளிக்க முடியவில்லை. “மிகச் சின்னப் பகல் டிசம்பர் 21. அன்றோடு சூரியன் திரும்பிவிடும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நீங்கள் ஜனவரி 15 என்கிறீர்கள். எது சரி?”

அவள் சொன்னதுதான் சரி. சூரியன் தென்கோடியிலிருந்து வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள், அதுவும் விண்மீன்களை அடையாளமாக வைத்துக் கணிக்கும் நம் பஞ்சாங்க முறைப்படி. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. பூமியின் அச்சு, ஓயப்போகும் பம்பரத்தின் தலை சுற்றுவதுபோல மிக மெல்லச் சுற்றுகிறது. ஒரு சுற்று முடியச் சுமார் 26,000 ஆண்டுகள் பிடிக்கும். அதனால் எழுபது எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டும் விலகி விலகி, இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. இதையெல்லாம் நான் அன்று இரவு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்றால், கேட்டால் சொல்லலாம். காணொளியில் நுழைத்தால் பொங்கல் பானை காணாமல் போய்விடும். அதைவிட முக்கியம், அந்த வரியே தேவையில்லை. மெல்போர்னில் இருக்கும் என் தோழி தன் பிள்ளைகளுக்கும் இதே காணொளியைக் கேட்டிருந்தாள். அங்கே ஜனவரி நடுக்கோடை, டிசம்பர் 21 தொடங்கிப் பகல் சுருங்கிக்கொண்டே போகும். ‘இனி வெளிச்சம் வளரும்’ என்று பொங்கலன்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பார்கள். சடங்குக்கு வானத்திலிருந்து காரணம் சொல்பவர்கள், பிள்ளை இருக்கும் ஊரில் அந்த வானம் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

மூன்றாவது அடி வகுப்பு முடிந்த பிறகு விழுந்தது. ஒரு பையனை அழைத்துப்போக வந்த அவனுடைய அப்பம்மா, சாவகச்சேரிக்காரர், கடைசி ஐந்து நிமிடத்தை வாசலில் நின்று பார்த்திருந்தார். “பிள்ளை, நான்கு நாள் பொங்கல் என்கிறீர்கள். எங்களுக்குத் தைப்பொங்கலும் அடுத்த நாள் பட்டிப்பொங்கலும்தான். பழையதை எரிப்பது உங்கள் ஊர்ப் பழக்கம். இந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கள் பக்கத்தவர்கள் அல்லவா?” என்றார். பாதி என்பதும் குறைவு. பதினான்கில் ஒன்பது பேர் ஈழத்துக் குடும்பங்கள். நான் என் கிராமத்துப் பொங்கலைத் ‘தமிழர் பொங்கல்’ என்று எழுதிவிட்டு, அந்த ஒன்பது பேரிடமும் உங்கள் வீட்டில் பாதியைத்தான் செய்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதோடு தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று ஒரு வரியும் இருந்தது. தமிழ்நாட்டிலேயே 2008-இல் சட்டம் போட்டுத் தைக்கு மாற்றி, 2011-இல் மீண்டும் சித்திரைக்கே கொண்டுபோன விவகாரம் அது. பெரியவர்கள் மணிக்கணக்கில் வாதாடட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கான படத்தில் அந்த வரி இருந்தால் பெற்றோர்களின் பேச்சு அதை விட்டு நகராது. இரண்டு தந்தையர் அன்றே தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த 22 நிமிடத்தையும் மூடி வைத்தேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். பணம் போனதற்காக அல்ல. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எனக்கே தெரியாததையெல்லாம் எழுதியிருக்கிறேன் என்பதுதான் குத்தியது. பள்ளிக்குக் காணொளியைக் கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கையில் காசு இல்லை. மறுநாள் அந்த அப்பம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் வீட்டில் பொங்கலன்று விடிந்ததிலிருந்து என்ன செய்வீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஏன் என்று கேட்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். முற்றத்தை மெழுகுவது, உலக்கையை வைத்து நேர்க்கோடாக மாக்கோலம் போடுவது, கல் வைத்து அடுப்பு, கிழக்கே பார்த்துப் பானை, பால் பொங்கியதும் பிள்ளைகள் வெடி கொளுத்துவது, வீட்டுக்காரர் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றிப் போடுவது என்று முக்கால் மணி நேரம் சொன்னார். பொங்கலை அவர் புக்கை என்றார். பிறகு என் அம்மாவிடமும் இதேபோலக் கேட்டேன். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முக்கால்வாசி ஒன்றுதான். எது இரண்டிலும் இருந்ததோ அதுதான் காணொளி என்று முடிவு செய்தேன்.

அடுத்து, ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: வயலில் வேலை செய்கிறவருக்கு அந்த வாரத்தில் இது என்ன வேலை? ஆச்சரியமாக, பாதிக்கு மேல் விடை கிடைத்தது. வீட்டைத் துப்புரவாக்குவது ஏன்? புது நெல் வீட்டுக்குள் வரப்போகிறது. பழைய நெல் கிடந்த குதிர், பத்தாயம் எல்லாவற்றையும் தட்டிக் கொட்டித் துடைத்தாக வேண்டும். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் ஏன்? அந்த மாதத்தில் கொல்லையில் பச்சையாகப் பிடுங்க இருப்பவை அவை. கரும்பும் அப்படியே. விளைந்ததையெல்லாம் பானைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக் காட்டுகிறோம். கிருமியும் வேண்டாம், தத்துவமும் வேண்டாம். சிலவற்றுக்கு வேலையாக விடை இல்லை, கதையாக இருந்தது. சிவன் நந்தியிடம், பூமியில் உள்ளவர்களைத் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளித்து மாதம் ஒருமுறை சாப்பிடச் சொல் என்று அனுப்ப, அது மாற்றிச் சொல்லித் தினமும் சாப்பிட வைத்துவிட்டது. அத்தனை சோற்றுக்கும் நீயே போய் உழு என்று இறக்கிவிட்டார் என்ற கதை. இதைக் கதை என்று சொல்லியே சொல்லலாம், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேலையும் இல்லை, கதையும் இல்லை என்பவற்றுக்கு ‘எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம்’ என்பதே நேர்மையான வசனம். அப்படி எழுத முதலில் கூசியது. ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை; பிறந்தநாள் மெழுகுவத்தியை ஏன் ஊதுகிறோம் என்று அவர்கள் யாரிடமும் கேட்டதில்லை.

பெரிய திருப்பம் நாட்காட்டியில் கிடைத்தது. என் வகுப்பில் ‘அறுவடை’ என்ற சொல்லை எத்தனை முறை விளக்கினாலும் பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் நடக்காது. அரிசி என்றால் கடையில் இருபது பவுண்டு பை. அதற்கு முன் ஐந்து மாதம் இருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது? அவர்களுடைய ஐந்து மாதத்தை வைத்தே காட்டினேன். இதுதான் அந்தக் காட்சியின் வசனம்: “செப்டம்பர். நீ புதுப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாய். அங்கே வயலில் நாற்று நடுகிறார்கள், சில ஊர்களில் விதைக்கிறார்கள். அக்டோபர் கடைசி. நீ வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்குகிறாய். அங்கே மழை கொட்டுகிறது. டிசம்பர். நீ பனியில் சறுக்குகிறாய். அங்கே கதிர் பால் பிடிக்கிறது. ஜனவரி. கதிருக்குத் தலை கனத்துவிட்டது. பார், குனிந்துவிட்டது!” சம்பாப் பயிருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ‘சில ஊர்களில் விதைக்கிறார்கள்’ என்பது அப்பம்மாவின் திருத்தம். அவர்கள் பக்கத்தில் நாற்று நடுவதைவிட விதைப்புத்தான் வழக்கம். ஆனால் கொட்டும் மழை இரண்டு கரைக்கும் ஒரே வடகிழக்குப் பருவமழைதான். இந்தக் காட்சிக்குப் பிறகுதான், “அப்படியானால் நான் பள்ளிக்குப் போன அன்றைக்குப் போட்டதா இந்த அரிசி?” என்று கேள்வி வந்தது. எனக்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். கதிருக்குள் மணி முற்றுவதற்கு முன் பாலாகத்தான் இருக்கும். அதைத்தான் பால் பிடிப்பது என்கிறோம். பானையில் பால் ஊற்றுவது அதன் நினைவாகத்தான் என்று ஒரு வரி எழுதினேன். அழகான வரி. என் அம்மாவும் சொன்னதில்லை, அப்பம்மாவும் சொன்னதில்லை. நானே அந்த இரவு கண்டுபிடித்தது. அடித்துவிட்டேன். வைத்திருந்தால் அடுத்த ஆண்டு அது எனக்கே வாட்ஸ்அப்பில் திரும்பி வந்திருக்கும்.

அறுவடை ‘முடிந்ததற்காக’ நன்றி சொல்கிறோம் என்று எழுதுபவர்கள் அதையும் ஒருமுறை யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் தை பிறக்கும்போது சம்பா பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். அறுவடை மாசிவரை இழுக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வருவது முதல் கதிர்கள். 2021 ஜனவரியில் பொங்கலையொட்டிக் கொட்டிய மழையில் காவிரி டெல்டாவில் முற்றிய பயிர் சாய்ந்து முளைவிட்டதை அப்பா தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆண்டும் பானை வைத்தார்கள். ஆகவே என் வசனம், “முதல் கதிர் வந்துவிட்டது. மீதி இன்னும் வயலில் நிற்கிறது. வெயிலே, இன்னும் கொஞ்ச நாள் காயவிடு!” என்று ஆயிற்று. சூரியனுக்கு ஏன் பொங்கல் என்ற கேள்விக்கு ராசியை விட்டுவிட்டு இந்த இடத்திலேயே விடை சொல்ல முடிந்தது. கதிர் காய வெயில் வேண்டும் என்பது மெல்போர்ன் பிள்ளைக்கும் புரியும்.

இனிப் பானைக்கு வருகிறேன். வரைந்த படம் வேண்டாம், நிஜமாகவே ஒரு பானை பொங்குவதைப் படம்பிடிப்போம் என்று முடிவு செய்தேன். பொங்குவது என்ற வினைச்சொல்லைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட்டால் பண்டிகையின் பெயருக்கு விளக்கமே தேவைப்படாது. சொல்லச் சுலபம். முதல் முயற்சி சமையலறையில். எங்கள் அடுப்பு கண்ணாடித் தட்டு வைத்த மின்னடுப்பு. மண்பானையின் உருண்டை அடி அதில் ஒரு வட்டம்தான் தொடும், சூடு சீராக ஏறாமல் விரிசல் விடும். காந்த அடுப்பானால் மண்பானையும் பித்தளைப் பானையும் சூடே ஆகாது. சரி என்று அகலமான எவர்சில்வர் பாத்திரத்தை வைத்தேன். பால் கொதித்ததே தவிரப் பொங்கி வழியவில்லை. பார்க்க நிறம் வேண்டுமே என்று அவசரப்பட்டு வெல்லத்தையும் போட்டேன். அப்போது பார்த்துப் பொங்கி, வெல்லப்பாகு கண்ணாடித் தட்டில் வழிந்து கருகியது, புகை மணி அலறியது, என் மகன் கதவைத் திறந்துவிட ஓடினான். ஆறட்டும் என்று விட்டேன், அதுதான் தவறு. இனிப்புக் கலந்தது கண்ணாடி அடுப்பில் வழிந்தால் சூடாக இருக்கும்போதே, கையைச் சுட்டுக்கொள்ளாமல், சுரண்டும் தகட்டால் எடுத்துவிட வேண்டும். ஆறினால் கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும். வாடகை வீட்டு அடுப்பில் அந்த வடு இன்னும் இருக்கிறது. ஊரில் பால் பொங்கிய பிறகே அரிசியும், அரிசி குழைந்த பிறகே வெல்லமும் போடுவார்கள். முன்னதாகப் போட்டால் அரிசி வேகாமல் நறுக்கென்றே நிற்கும். அதை நன்றாகத் தெரிந்த நானே கேமராவுக்காக வரிசையை மாற்றினேன்.

இரண்டாவது முயற்சி கொல்லையில், டிசம்பர் கடைசி வாரம், மைனஸ் ஒன்பது. கடையில் கிடைக்கும் கைக்கடக்கமான எரிவாயு அடுப்பு ஒன்றை 40 டாலருக்கு வாங்கிப் பனியைத் தள்ளி வைத்தேன். சுடர் இரண்டு நிமிடம் எரிந்து, சுருங்கி, அணைந்தது. மாற்றி மாற்றி மூன்று உருளை போட்டும் அதே கதை. அந்தச் சின்ன உருளையில் இருப்பது பியூட்டேன். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே அது வாயுவாக மாறாமல் திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் புரொப்பேன் அடுப்பு இருந்ததால் அடுத்த வாரம் பிழைத்தேன். குளிருக்குப் பயந்து அந்த அடுப்பை வீட்டுக்குள்ளோ வாகனக் கொட்டகைக்குள்ளோ கொண்டுபோய்விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். எடுப்பதை அக்டோபரிலேயே எடுத்து வைத்திருக்கலாம் என்ற யோசனை எனக்கு ஜனவரியில்தான் வந்தது.

பானை பொங்கியே தீர வேண்டும் என்றால் மூன்று விஷயம் போதும். கழுத்து குறுகிய பானை வேண்டும். வயிற்றில் அகலமாக எழும் நுரை கழுத்துக்கு வரும்போது நெருக்கிக்கொண்டு ஏறும். புது மண்பானையை முந்தின இரவே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். உள்ளே வெறும் பாலை ஊற்றாமல், அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரைக் கழுத்துவரை நிரப்பி அதில் பாலைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கமே அதுதான். களைந்த நீரில் இருக்கும் மாவும் பாலின் ஆடையும் சேர்ந்து ஆவிக்குமிழியை உடையவிடாமல் பிடித்துவைக்கும், நுரை மேலே வரும். சுற்றிலும் காற்றுக்குத் தடுப்பு வைத்து அரை மணி நேரம் காத்திருந்தேன். கைபேசியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக வைத்திருந்தேன். வெளியே வைத்தால் குளிரில் மின்கலம் பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது. நுரை கழுத்தைத் தாண்டியபோது என் மகன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கத்தினான். அந்தக் குரலைத்தான் படத்தில் வைத்திருக்கிறேன், பின்னணிக் குரலை எடுத்துவிட்டேன்.

படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் பத்து விநாடி கறுப்புத் திரை, கொதிக்கும் சத்தம் மட்டும். “உஷ்! பானைக்குள் ஏதோ பேசுகிறது, கேட்கிறதா?” அப்புறம் நுரை ஏறுகிறது, வழியும் கணத்தில் படம் நிற்கிறது. “இந்தப் பானை இங்கே வர ஐந்து மாதம் ஆயிற்று” என்று நாட்காட்டிக் காட்சிக்குப் போகிறது. கடைசியில் மீண்டும் பானைக்கு வந்து, நின்ற இடத்திலிருந்து பொங்கவிடுகிறோம். நடுவில் பிள்ளைகள் ஓர் ஆளும் எழுந்து போகவில்லை. பானை என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமே.

மாட்டுக்கு வந்தபோது ஒரு பையன், “இப்போது டிராக்டர்தானே உழுகிறது, மாட்டுக்கு ஏன் நன்றி?” என்று வாசித்துப் பார்க்கும்போதே கேட்டுவிட்டான். எழுத்துப்படியில் அதற்கு விடை இல்லை. சேர்த்தேன். முன்பு உழுதது மாடு, உரம் கொடுத்தது மாடு, அறுத்த கதிரைக் களத்தில் போட்டு அதன்மேல் சுற்றிச் சுற்றி நடந்து மணியை உதிர்த்ததும் மாடு. இதை எங்கள் பக்கம் போரடிப்பது என்பார்கள், அப்பம்மா சூடு மிதிப்பது என்றார். இப்போது அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. அதனால் சில வீடுகளில் டிராக்டரையும் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள். அவ்வளவுதான் வசனம். மாட்டுப்பொங்கலா பட்டிப்பொங்கலா என்ற பெயர்த் தகராறுக்குப் பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம் என்று ஒரு வரி போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் மாட்டுப்பொங்கல் என்றுதான் சொல்வோம், ஆனால் அன்று கூவுவதில் ‘பட்டி பெருக’ என்பதும் உண்டு.

சொற்களில் நான் விழுந்த பள்ளம் இன்னொன்று உண்டு. வெல்லம் என்றேன்; பாதிப்பேருக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அதற்குச் சர்க்கரை என்று பெயர், வெள்ளையாக இருப்பது சீனி. என் வீட்டில் சர்க்கரை என்றால் வெள்ளை. ஒரு சொல் இரண்டு சமையலறையில் இரண்டு பொருள். சொல்லப்போனால் சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரில் இருக்கும் சர்க்கரை அவர்களுடைய சர்க்கரைதான். காணொளியில் பழுப்புக் கட்டியைக் கையில் எடுத்துக் காட்டி, “இதை வெல்லம் என்பார்கள், சர்க்கரை என்பார்கள், உன் வீட்டில் என்ன?” என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி சும்மா விட்டேன். வகுப்பு முழுவதும் கத்தியது. அந்த மூன்று விநாடிக்காக ஒரு பத்தியை வெட்டினேன். வெட்டுவது பற்றி ஒரு கணக்கு: நான் நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் என்று எண்ணி எழுதியிருந்தேன். நம் சொற்கள் நீளம். பிள்ளைகளுக்குப் புரியும்படி நிறுத்திப் படித்தால் எனக்கு எழுபது, எண்பதுக்கு மேல் ஓடவில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே நீளத்தை முடிவு செய்ய வேண்டும். மொத்தம் ஆறு நிமிடம் இருபது விநாடியில் முடித்தேன்.

வயல் காட்சிக்குத்தான் கடைசிவரை படம் இல்லை. காசு கொடுத்து வாங்கலாம் என்று தேடினால் பாதி இடங்களில் மீண்டும் அந்தக் கோதுமை. அப்பாவிடம் கைபேசியில் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது, கைபேசியை இரண்டு கையாலும் தாம்பாளம்போலப் பிடிப்பவர். நாற்பது விநாடி ஓடும் ஒரு படம் வந்தது. சாய்ந்த கதிர், வரப்பு, தூரத்தில் ஒரு கொக்கு, எல்லாம் இருந்தது. வலது ஓரத்தில் முழுக்க முழுக்க அவருடைய கட்டைவிரலும் இருந்தது. வெட்டிப் பார்த்தேன், கதிரும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அப்படியே போட்டுவிட்டேன். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை காட்டியபோது படம் முடிந்ததும் நிறையக் கைகள் எழுந்தன. சூரியனைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணின் கைதான் முதலில். அவளுக்கு அச்சு, பம்பரம், 26,000 ஆண்டு என்று எல்லா விடையையும் தயாராக வைத்திருந்தேன்.

“டீச்சர், அந்த விரல் யாருடையது?”